மாவுக்கட்டுக்குள் மெலியும் கால்

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பார், எலும்பு கூடிவிட்டதா என்று. நோயாளியோ தன் காலைப் பார்ப்பார். தொடை சூம்பிப் போயிருக்கும். தோல் தளர்ந்து, முட்டி மட்டும் புடைத்துத் தெரியும். பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால் அது தன் கால்தானா என்ற சந்தேகமே வரும். எலும்பு கூடிவிட்டது என்ற நல்ல செய்தி காதில் விழும்போதே, எழுந்து நின்றால் இந்தக் கால் தாங்குமா என்ற பயமும் வந்துவிடும்.

அடிபட்டதால் கால் மெலிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடியே படாத காலுக்கும் இதே கதிதான். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எந்தக் குறையும் இல்லாத 24 இளைஞர்களுக்கு ஒரு காலில் மட்டும் முழுநீளக் கட்டுப் போட்டார்கள். பாதிப்பேருக்கு 5 நாள், மீதிப்பேருக்கு 14 நாள். 2014-இல் வெளியான முடிவு இது: ஐந்தே நாளில் தொடை முன்பக்கத் தசையின் குறுக்குப் பரப்பு 3.5 சதவீதம் குறைந்திருந்தது, 14 நாளில் 8.4 சதவீதம். எலும்பு முறியவில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. சும்மா இருந்தது மட்டும்தான் காரணம்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தசையின் பலம் 5 நாளில் 9 சதவீதமும், 14 நாளில் ஏறத்தாழ 23 சதவீதமும் சரிந்திருந்தது. அளவு குறைந்ததைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் பலம் குறைந்திருக்கிறது. தசை மெலிந்ததால் பலம் போயிற்று என்று மட்டும் சொல்லி இந்தக் கணக்கை முடிக்க முடியாது. மெலிவு ஒரு கதை, பலக்குறைவு அதோடு பின்னிய இன்னொரு கதை. முதலில் மெலிவைப் பார்த்துவிடுவோம்.

தசையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது தேர்வடம் போல இருக்கும். பல புரிகள் சேர்ந்து ஒரு வடம், ஒவ்வொரு புரிக்குள்ளும் எண்ணற்ற நார்கள். தசையின் அந்த ஒற்றை நாரைத்தான் தசை இழை என்கிறோம். ஓர் இழை என்பது ஒரே செல். குறுக்களவு தலைமுடியின் தடிமனுக்குக் கிட்டத்தட்ட நிகர். நீளமோ சில தசைகளில் பல சென்டிமீட்டர் வரை போகும். அதற்குள் சுருங்கும் புரதங்களாலான நுண்ணிழைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உடற்பயிற்சியால் தசை பெருக்கும்போது பொதுவாகப் புதிய இழைகள் முளைப்பதில்லை; இருக்கிற இழைகளுக்குள் நுண்ணிழைகள் கூடி ஒவ்வோர் இழையும் தடிக்கிறது. கட்டுக்குள் கிடக்கும் காலில் நடப்பது இதன் மறுபக்கம். இழைகள் சாகவில்லை, எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒல்லியாகிறது.

தசைப் புரதம் எப்போதும் கழிந்துகொண்டும் கட்டப்பட்டுக்கொண்டும் இருப்பதுதான் இதற்கு அடிப்படை. ஒரு நாளில் தோராயமாக நூற்றுக்கு ஒரு பங்கு பழைய புரதம் கழிகிறது, அதே அளவு புதிதாகச் சேர்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை தொடை மாறுவதில்லை. கட்டுப்போட்ட மனிதக் காலில் முதலில் அடிவாங்குவது கட்டும் வேலைதான். சாப்பிட்டவுடன் தசையில் புரத உற்பத்தி துள்ளி எழவேண்டும். அசையாத தசையில் அந்தத் துள்ளல் மங்கிவிடுகிறது. அதே சாப்பாடு, அதே ரத்தம், ஆனால் அசையும் கால் எடுத்துக்கொள்கிறது, அசையாத கால் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கணக்குக்காக, கழிவது ஒரு பங்காகவே இருக்க, கட்டுவது அரைப்பங்காகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு அரை சதவீதம் நஷ்டம், 14 நாளில் ஏழு சதவீதம். மாஸ்ட்ரிக்டில் அளந்த 8.4-க்கு இது வெகுதூரமில்லை. எலிகளில் கழிக்கும் பக்கமும் வேகமெடுக்கிறது. அதற்கான மரபணுக்களை 2001-இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில், குறிப்பாக நோய் எதுவும் இல்லாத காலில், கட்டும் வேலை சுணங்குவதே பெரிய காரணம்.

பலம் ஏன் அதைவிட வேகமாகப் போகிறது? தசைக்கு உத்தரவு போடும் நரம்புதான் காரணம். ஓர் இழைத்தொகுதியை இயக்க முதுகுத்தண்டிலிருந்து ஒரு நரம்புச் செல் கிளம்பி வருகிறது. முழுபலத்தோடு முட்டியை நீட்டவேண்டுமென்றால் அத்தகைய நரம்புச் செல்கள் பலவும் சேர்ந்து, வேகமாக, உரிய நேரத்தில் சமிக்ஞை அனுப்பவேண்டும். சில நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த ஒருங்கிணைப்பு தளர்கிறது. தசை இருக்கிறது, ஆனால் முழுதாக அழைக்கப்படுவதில்லை.

இதை அழகாகப் பிரித்துக் காட்டியதும் மாஸ்ட்ரிக்ட் குழுதான். அதே 2014-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். கட்டுப்போட்ட இளைஞர்களில் சிலருக்குத் தொடையில் மின்முனைகளை ஒட்டி, ஐந்து நாளும் தினமும் இருமுறை தசையை மின்னோட்டத்தால் சுருங்கவைத்தார்கள். மின்தூண்டல் இல்லாதவர்களின் தசை 3.5 சதவீதம் மெலிந்தது. மின்தூண்டல் பெற்றவர்களின் தசை மெலியவே இல்லை. ஆனால் பலம் இரு சாராருக்கும் குறைந்தது. மின்னோட்டம் தசையைச் சுருங்கவைத்தது. மூளையிலிருந்து வரும் உத்தரவை அது பழக்கவில்லை.

ஜிம்மில் சேர்ந்த முதல் மாதத்தில் நடப்பதும் இதே விஷயத்தின் எதிர்ப்பக்கம். மூன்றாவது வாரத்திலேயே முன்பு தூக்க முடியாத எடையைத் தூக்கிவிடுகிறார்கள், கண்ணாடியில் கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆரம்பப் பலன் பெரும்பாலும் நரம்பின் பழக்கம். அந்த வாரங்களில் தசை சற்றுப் பருத்தது போலத் தெரிந்தாலும் அதில் கணிசமான பங்கு வீக்கம். பிரேசில் ஆய்வாளர்கள் பயிற்சியின் முதல் வாரத்திலும், மூன்றாவது வாரத்திலும், பத்தாவது வாரத்திலும் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் புரத உற்பத்தி மிக அதிகம்தான், ஆனால் அது பழக்கமில்லாத வேலையால் நொந்த இழைகளைப் பழுதுபார்க்கச் செலவாகிறது. நோவு தணிந்த பிறகுதான் உற்பத்தி தசை வளர்ச்சியாகச் சேரத் தொடங்குகிறது. "உடம்பு வலித்தால்தான் தசை ஏறும்" என்று பயிற்சியாளர்கள் சொல்வதை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை. வலி குறைந்த பிறகே வளர்ச்சி நடக்கிறது.

வளர்ச்சிக்கான தூண்டுகோல் இழுவிசை. இழை பாரத்தை எதிர்த்துச் சுருங்கும்போது அந்த இழுவை செல்லுக்குள் ஒரு சங்கிலித் தொடராகச் செய்தியாகிறது. அதன் நடுவில் எம்டார் என்ற புரதம் உட்கார்ந்து, புரத உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. ஒருமுறை செய்த பயிற்சியின் விளைவு ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதனால்தான் ஒரே தசைக்கு வாரம் இரண்டு மூன்று முறை வேலை கொடுப்பது போதுமானதாக இருக்கிறது. பாரம் மிக அதிகமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஒருவர் ஒரே தடவை அதிகபட்சம் தூக்கக்கூடிய எடையில் 30 சதவீதத்தையும் 80 சதவீதத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் இனி ஒருமுறைகூட முடியாது என்ற நிலை வரை தொடர்ந்து செய்தார்கள். பத்து வாரத்தில் தசை இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்தது. கனமான பாரத்தால் பலம் கூடுதலாக வந்தது, தசையளவில் வித்தியாசமில்லை. கட்டுப் பிரித்தவருக்கு இது நல்ல செய்தி. ஆரம்பத்தில் அவர் தாங்கக்கூடிய எடை குறைவுதான், ஆனால் களைப்பு வரும் வரை செய்தால் அதுவே போதும்.

இனி சாட்டிலைட் செல்களின் கதை. 1961-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மாரோ தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழையின் ஓரத்திலும், இழையின் சொந்தச் சவ்வுக்கும் அதைச் சுற்றிய மேலுறைக்கும் இடையே, சிறு செல்கள் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டார். இழையோடு ஒட்டிக் கிடக்கும், ஆனால் அதன் பகுதி அல்ல. பெரிய உருண்டையைச் சுற்றும் சிறு கோள் போலத் தோன்றியதால் அவற்றுக்கு இந்தப் பெயர் வைத்தார். அவை தூக்கத்தில் இருக்கும் தசைத் தண்டுசெல்கள் என்பது அடுத்த தலைமுறை ஆய்வுகளில் உறுதியாயிற்று.

தசை இழையின் விசேஷம் அதற்குள் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருப்பது. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிய சிறு பரப்புக்கு வேண்டிய புரதத்துக்கான மரபணுக் குறிப்பை அனுப்புகிறது. இந்த உட்கருக்கள் தாமாகப் பிரிந்து பெருகாது. இழைக்குப் புதிய உட்கரு வேண்டுமானால் அது வெளியிலிருந்துதான் வந்து சேரவேண்டும். அதைத் தருவது சாட்டிலைட் செல்தான். பாரம் ஏறும்போதோ, இழை கிழிந்தபோதோ அது விழித்து, பிரிந்து பெருகுகிறது. பிறந்தவற்றில் சில மறுபடி தூங்கப் போகின்றன, அப்போதுதான் கையிருப்பு தீராது. மற்றவை இழையோடு கலந்து தம் உட்கருவை அதற்குள் சேர்த்துவிடுகின்றன. இழை நசுங்கி அழிந்த இடத்தில் புதிய இழையையே உருவாக்குபவையும் இவைதான்.

பழுதுபார்ப்பதில் இவற்றின் பங்கு சந்தேகமற்றது. சாதாரணத் தசைப்பெருக்கத்துக்கும் இவை அவசியமா என்பதில்தான் பல ஆண்டுகளாக வாக்குவாதம் நடக்கிறது. 2011-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தினர் சுண்டெலிகளில் சாட்டிலைட் செல்களை 90 சதவீதத்துக்கு மேல் அழித்துவிட்டு, கெண்டைக்கால் தசையில் துணைத்தசையை நீக்கி மிச்சத்துக்குப் பாரத்தை ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் தசை வழக்கம்போலப் பெருத்தது. காயம் ஏற்படுத்தியபோதோ தசை மீளவில்லை. ஆஸ்லோவில் இதேபோன்ற சோதனை செய்தவர்களுக்கு வேறு முடிவு கிடைத்தது. செல் இல்லாமல் வளர்ச்சி இல்லை என்றார்கள். பிறகு கென்டக்கிக் குழுவே எட்டு வாரம் தொடர்ந்து பார்த்தபோது, செல்லில்லாத தசையின் வளர்ச்சி பின்தங்கியது, நாரிணைப்பும் அதிகமாயிற்று. என் கணிப்பில், குறுகிய காலத்துக்கு இருக்கும் உட்கருக்களே கூடுதல் வேலை செய்து சமாளிக்கின்றன. வளர்ச்சி தொடர்ந்தால் புது உட்கருக்கள் இல்லாமல் முடிவதில்லை. மனிதர்களிலும் இதற்கு ஆதரவு உண்டு. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வில் 66 பேர் 16 வாரம் ஒரே பயிற்சி செய்தார்கள். சிலருக்கு இழைகள் பெருமளவு தடித்தன, சிலருக்குக் கொஞ்சமும் மாறவில்லை. மிக நன்றாக வளர்ந்தவர்களிடம் பயிற்சிக்கு முன்பே சாட்டிலைட் செல்கள் கூடுதலாக இருந்தன, பயிற்சியில் மேலும் பெருகின.

வளர்ந்த தசையை மறுபடி சும்மா விட்டால், சேர்ந்த உட்கருக்கள் என்னாகும்? ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு உயிருள்ள சுண்டெலிகளின் இழைகளுக்குள்ளேயே உட்கருக்களைப் பார்த்து எண்ணியது. 2010-இல் வெளியான அந்த ஆய்வில், பாரம் ஏற்றிய 21 நாளில் உட்கருக்கள் 54 சதவீதம் கூடின, இழையின் பரப்பு 35 சதவீதம் கூடியது. முதலில் உட்கரு வந்தது, அளவு பிறகுதான் கூடியது. பின்னர் நரம்பைத் துண்டித்து இழைகளை வதங்கவிட்டார்கள். இழை மெலிந்தது, உட்கருக்கள் அப்படியே இருந்தன. அடுத்த சோதனையில் சுண்டெலிகளுக்கு 14 நாள் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் தசை பழைய அளவுக்கு வந்துவிட்டது, கூடுதல் உட்கருக்கள் மட்டும் இருந்தன. பிறகு ஆறு நாள் பாரம் ஏற்றியபோது இழைகள் 31 சதவீதம் தடித்தன. மருந்தே எடுக்காதவற்றில் வெறும் 6 சதவீதம். சுண்டெலியின் வாழ்நாளில் மூன்று மாதம் நீண்ட காலம். ஊக்கமருந்து உட்கொண்ட விளையாட்டு வீரருக்குத் தடை சில ஆண்டுகளில் முடிந்துவிட்டாலும் மருந்தின் பலன் முடியாது என்று குண்டர்சன் வாதிட்டது இந்த ஆதாரத்தை வைத்துத்தான்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. சுண்டெலிகளைச் சக்கரத்தில் ஓடவைத்துச் செய்த வேறொரு ஆய்வில், ஓட்டம் நின்றபின் சேர்ந்த உட்கருக்கள் குறைந்தன. பழைய பயிற்சியின் சுவடு மரபணுக்களின் மேல் ஒட்டும் வேதிக் குறிகளாகவும் இருக்கலாம் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். எட்டுப் பேர் ஏழு வாரம் பயிற்சி, ஏழு வாரம் ஓய்வு, மீண்டும் ஏழு வாரம் பயிற்சி என்று செய்ததில் சில குறிகள் ஓய்விலும் மாறவில்லை. எந்த வழியில் என்பதில் கருத்து வேறுபடுகிறதே தவிர, முன்பு வளர்ந்த தசை மீண்டும் வேகமாக வளர்கிறது என்பதில் அவ்வளவு தகராறில்லை. பின்லாந்தின் ய்வாஸ்கைலா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து பயிற்சி செய்தது, இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுதாக நிறுத்தி, மறுபடி 10 வாரம் செய்தது. 2024-இல் வெளியான முடிவில் இரு குழுக்களின் பலமும் தசையளவும் கடைசியில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

மாவுக்கட்டுக்குத் திரும்புவோம். ஒரு முப்பது வயதுக்காரரையும் அறுபத்தெட்டு வயது அம்மாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் ஒரே மாதிரிக் கட்டு. டென்மார்க்கில் இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் இரண்டு வாரம் ஒரு காலில் கட்டுப்போட்டு, பிறகு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கட்டின்போது இளைஞர்கள்தான் அதிகம் இழந்தார்கள். ஆனால் நான்கு வாரத்தில் அவர்கள் இழந்ததை மீட்டுவிட்டார்கள், முதியவர்களால் முடியவில்லை. தசைத்துணுக்கைப் பார்த்தபோது, பயிற்சிக்கு இளைஞர்களின் சாட்டிலைட் செல்கள் பெருகியிருந்தன, முதியவர்களின் செல்கள் அசையவில்லை. வயதானால் வேகமாகச் சுருங்கும் இழைகளின் ஓரத்தில் இந்தச் செல்கள் குறைந்துபோவதும் அறியப்பட்ட விஷயம். படுக்கையோ இன்னும் மோசம். அமெரிக்காவில் சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான பன்னிரண்டு பேர் பத்து நாள் படுக்கையில் இருந்ததில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பற்ற திசு போய்விட்டது.

ஆகவே அந்த அம்மாவுக்கு வேலை கட்டுக்குள்ளேயே தொடங்கவேண்டும். எலும்பு மருத்துவர் அனுமதித்தால், பிசியோதெரபிஸ்டுகள் முட்டியை அசைக்காமல் தொடையை மட்டும் இறுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். முட்டியைப் படுக்கையில் அழுத்துவதுபோல ஐந்து நொடி இறுக்கி விடவேண்டும், நாளில் பலமுறை. இழுவை சிறியதுதான், ஆனால் அந்தத் தசைக்கு வேறு வேலையே கிடைக்காதபோது இதுவும் செய்திதான். மேலும் இது மூளையிலிருந்து வரும் உத்தரவு, மின்தூண்டலால் செய்யமுடியாதது.

கட்டைப் பிரித்தபின் அவர் செய்யும் பெரிய தவறு நடைப்பயிற்சியையே முழு மருந்தாக நம்புவது. நடக்கும்போது நல்ல கால் பாரத்தை எடுத்துக்கொள்கிறது, மெலிந்த கால் தேவையான அளவு இழுவையை உணர்வதே இல்லை. முட்டி மடங்கத் தொடங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு கை இல்லாமல், பிறகு உயரம் குறைந்த நாற்காலியில். ஒரு தொகுப்பின் முடிவில் இன்னும் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற களைப்பு வரவேண்டும். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால், பாரத்தைக் கூட்டவேண்டும். வாரம் மூன்று நாள் போதும், நடுவில் ஒருநாள் இடைவெளி. சாப்பாட்டில், பயிற்சியோடு தசை வளர்ச்சி விரும்புவோர்க்கு உடலெடை கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை என்பது பல ஆய்வுகளைத் தொகுத்ததன் முடிவு. 55 கிலோ எடையுள்ளவருக்கு அது 88 கிராம். சோறும் ரசமும் கஞ்சியும் என்று நோயாளிச் சாப்பாட்டில் அதன் கால்பங்குகூட வராது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஒவ்வொரு வேளையிலும் வரவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

முன்னேற்றத்தை டேப் வைத்துத் தொடைச் சுற்றளவில் அளக்கவேண்டாம். வீக்கமும் கொழுப்பும் சேர்ந்து அந்த எண் ஏமாற்றும். அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழமுடிகிறது என்பதை எண்ணுவது நல்லது. முதல் மூன்று வாரத்தில் அது வேகமாக ஏறும், பெரும்பாலும் நரம்பு பழகுவதால். பிறகு ஏற்றம் மெதுவாகும், தசை வந்துகொண்டிருக்கும். பல குடும்பங்கள் "இவ்வளவுதான் முடியும் போல" என்று நிறுத்துவது சரியாக அந்த இடத்தில்தான். தொடர்வதற்கான காலமே அது.

எழுபது, எண்பது வயதில் இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். பத்துப் பேர், சராசரி வயது 90. எட்டு வாரம், முட்டியை நீட்டும் எடைப்பயிற்சி. எடை அவரவர் அதிகபட்சத்தில் 80 சதவீதம் வரை. ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம். பலத்துக்கும் அளவுக்கும் உள்ள அந்தப் பெரிய இடைவெளியில் நரம்பின் பங்கைப் பார்க்கலாம். இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். பிறகு பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் கழித்து அளந்தபோது பலத்தில் 32 சதவீதம் குறைந்திருந்தது.